வகுத்த வேறுபாட்டு அட்டவணை: புதுப் புள்ளி சேரும்போது பழைய கணக்கை அழிக்காமல் இடைச்செருகல் செய்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று புள்ளிக்கு மூன்று சமன்பாடு எழுதித் தீர்த்தாலே பல்லுறுப்புக்கோவை கிடைத்துவிடுமே, இந்த அட்டவணை எதற்கு?

கிடைக்கும். ஆனால் நான்காவது புள்ளி வந்ததும் அத்தனையும் வீணாகிவிடும். இந்தப் பக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். 10ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. 2, 3, 5 ஆகிய எண்களின் மடக்கை நம்மிடம் இருக்கிறது: 0.30103, 0.47712, 0.69897. இவற்றை வைத்து 3.5இன் மடக்கை வேண்டும். உண்மையான விடை 0.54407. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நம் கணக்கு எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பார்க்க வசதி.

மூன்று சமன்பாட்டைத் தீர்த்து a + bx + cx² என்று எழுதினால் x இன் கெழு 0.28470 வரும். 4இன் மடக்கையையும் சேர்த்து முப்படிக் கோவையாக்கினால் அதே x இன் கெழு 0.40415 ஆகிவிடுகிறது. x² இன் கெழுவும் மாறிலியும்கூட மாறுகின்றன. முதலில் போட்ட கணக்கில் ஒரு எண்கூட மிஞ்சாது.

கோவையை வேறு உருவில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை:

```
P(x) = c0 + c1(x-2) + c2(x-2)(x-3) + c3(x-2)(x-3)(x-5) + ...
```

இதில் c0, c1, c2 ஆகியவை முதல் மூன்று புள்ளிகளோடு முடிந்துவிடுகின்றன. அடுத்து எந்தப் புள்ளி வந்தாலும் வால்பக்கம் ஒரு உறுப்பு கூடும், அவ்வளவுதான். இந்தக் கெழுக்களைக் கண்டுபிடிக்கும் வழிதான் வகுத்த வேறுபாட்டு அட்டவணை.

பழைய கெழுக்கள் மாறாது என்கிறீர்கள். அது எப்படி நம்புவது?

புதிதாகச் சேரும் உறுப்பைப் பாருங்கள்: c3(x-2)(x-3)(x-5). x = 2 என்று போட்டால் அது பூச்சியம். 3 போட்டாலும் 5 போட்டாலும் பூச்சியம். ஆகவே c3 என்ன எண்ணாக இருந்தாலும் பழைய மூன்று புள்ளிகளில் கோவையின் மதிப்பு அசையாது. பழைய கோவை அந்த மூன்றிலும் ஏற்கெனவே சரியாக இருந்தது, இப்போதும் சரியாகவே இருக்கும். மிச்சமிருப்பது ஒரே ஒரு நிபந்தனை: x = 4 இல் புது மதிப்பு வர வேண்டும். ஒரு நிபந்தனைக்கு ஒரு தெரியாத எண், c3. அவ்வளவுதான் கணக்கு.

இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

அட்டவணையில் எதை எதால் வகுப்பது? எனக்கு இங்கேதான் எப்போதும் குழம்புகிறது.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன். அதனால் நிதானமாகப் போவோம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிரை என்று அட்டவணையை எழுதுவது நல்லது. பல புத்தகங்களில் இருப்பதுபோல முக்கோணமாக நடுவில் தள்ளித் தள்ளி எழுதினால், புதுப் புள்ளி வரும்போது எங்கே எழுதுவது என்ற சந்தேகம் வரும். நிரையாக எழுதினால் அடியில் ஒரு வரி சேர்க்கிறோம், முடிந்தது.

```
x    மதிப்பு     முதல்        இரண்டாம்
2    0.30103
3    0.47712    0.17609
5    0.69897    0.110925    -0.021722
```

முதல் வேறுபாடு என்பது வெறும் சாய்வு. 2க்கும் 3க்கும் இடையே மதிப்பு 0.17609 ஏறுகிறது, x ஒன்று நகர்கிறது, ஆக 0.17609. 3க்கும் 5க்கும் இடையே 0.22185 ஏறுகிறது, x இரண்டு நகர்கிறது, ஆக 0.110925.

இரண்டாம் வேறுபாட்டுக்குத் தொகுதியில் இடதுபக்க எண்ணிலிருந்து அதற்கு மேலே உள்ளதைக் கழிக்கிறோம்: 0.110925 − 0.17609 = −0.065165. வகுக்க வேண்டியது 5 − 3 ஆல் அல்ல, 5 − 2 ஆல். இந்த வேறுபாட்டுக்குள் 2, 3, 5 என்ற மூன்று புள்ளிகளும் அடங்கியிருக்கின்றன. வகுஎண் என்பது அந்தக் கூட்டத்தின் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் உள்ள இடைவெளி. −0.065165 ஐ 3ஆல் வகுத்தால் −0.021722.

ஒவ்வொரு நிரையின் கடைசி எண்தான் நமக்குத் தேவையான கெழு: 0.30103, 0.17609, −0.021722. 3.5 ஐப் போட்டால்

```
0.30103 + 0.17609(1.5) - 0.021722(1.5)(0.5) = 0.54887
```

உண்மையான விடையைவிட 0.0048 அதிகம். மூன்றே புள்ளிக்கு மோசமில்லை.

சரி, 4இன் மடக்கையும் கிடைத்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

அடியில் ஒரு நிரை. அதற்குத் தேவைப்படுவது இப்போதுள்ள கடைசி நிரை மட்டும்தான். அதற்கு மேலே இருப்பவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

புது மதிப்பு 0.60206. முதல் வேறுபாடு: (0.60206 − 0.69897) ஐ (4 − 5) ஆல் வகுக்க, 0.09691. மேலும் கீழும் இரண்டுமே எதிர்மம், குறியில் கவனம். இரண்டாம் வேறுபாடு: (0.09691 − 0.110925) ஐ (4 − 3) ஆல் வகுக்க, −0.014015. மூன்றாம் வேறுபாடு: (−0.014015 + 0.021722) ஐ (4 − 2) ஆல் வகுக்க, 0.003853.

வகுஎண்களைக் கவனியுங்கள். புது x இலிருந்து கீழிருந்து மேலாக ஒவ்வொரு பழைய x ஆகக் கழித்துக்கொண்டே போகிறோம்: 5, 3, 2. இந்த ஒழுங்கு பழகிவிட்டால் குழப்பம் போய்விடும்.

```
x    மதிப்பு     முதல்        இரண்டாம்      மூன்றாம்
2    0.30103
3    0.47712    0.17609
5    0.69897    0.110925    -0.021722
4    0.60206    0.09691     -0.014015    0.003853
```

3.5 இல் புது உறுப்பின் மதிப்பு 0.003853 × 1.5 × 0.5 × (−1.5) = −0.00433. பழைய விடையோடு இதைக் கூட்டினால் 0.54454. பிழை 0.0048 இலிருந்து 0.0005க்கு இறங்கிவிட்டது. இதற்கு ஆன செலவு மூன்று வகுத்தல். 20 புள்ளிக்கு அட்டவணையை முதலிலிருந்து போட 190 வகுத்தல் ஆகும், 21ஆவது புள்ளியைச் சேர்க்க 20தான்.

4ஐ 5க்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, x ஏறுவரிசையில் இருக்க வேண்டாமா?

வேண்டாம், வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். நான்கு புள்ளி வழியாகப் போகும் முப்படிக் கோவை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எந்த வரிசையில் சேர்த்தாலும் கடைசியில் வருவது அதுதான். 2, 3, 5, 4 என்ற வரிசையில் வரும் மூன்றாம் வேறுபாடும் 2, 3, 4, 5 என்ற வரிசையில் வருவதும் ஒரே எண். அட்டவணையின் நடுவில் இருக்கும் எண்கள் வேறாக இருக்கும், கடைசி எண் மாறாது. x களுக்கிடையே இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பள்ளிப் பாடத்தில் வரும் முன்னோக்கு வேறுபாட்டு முறைக்குத்தான் அது தேவை.

வரிசை ஒரு விதத்தில் மட்டும் உதவும். நீங்கள் மதிப்புத் தேடும் இடத்துக்கு அருகிலுள்ள புள்ளிகளை முதலில் போட்டால், முதல் சில உறுப்புகளே விடைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

உண்மையான விடை கையில் இல்லாதபோது, என் விடை எவ்வளவு சரி என்று எப்படித் தெரியும்?

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேலே பார்த்ததைத் திரும்பப் பாருங்கள். மூன்று புள்ளிக் கோவையின் பிழை 0.0048. நான்காவது புள்ளி கொண்டுவந்த உறுப்பின் அளவு 0.0043. கிட்டத்தட்ட அதே. அதாவது புதிதாகச் சேரும் உறுப்பே, அதற்கு முந்தைய கோவையின் பிழைக்கு ஒரு மதிப்பீடு. தனியாக எதுவும் கணக்கிட வேண்டியதில்லை.

இன்னொரு புள்ளியைச் சேர்த்துப் பார்ப்போம். 6இன் மடக்கை 0.77815. புது நிரை: 0.088045, −0.008865, 0.001717, −0.000534. கடைசி எண்ணோடு 3.5 இன் பெருக்கத் தொடரான 1.5 × 0.5 × (−1.5) × (−0.5) ஐப் பெருக்கினால் −0.00030. நான்கு புள்ளிக் கோவையின் உண்மையான பிழை 0.00047. இந்த முறை மதிப்பீடு கொஞ்சம் குறைவாகவே சொல்கிறது, ஆனாலும் பிழை எந்த அளவில் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. புது விடை 0.54424.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த மதிப்பீடு முந்தைய கோவைக்கு உரியது. புதுக் கோவையின் பிழை என்ன என்று அறிய அடுத்த புள்ளி வரக் காத்திருக்க வேண்டும்.

புள்ளிகளுக்கு வெளியே உள்ள x க்கும் இதைப் பயன்படுத்தலாமா?

உறுப்புகளே பதில் சொல்லிவிடும். இதே ஐந்து புள்ளியை வைத்து 10இன் மடக்கையைக் கேட்டுப் பாருங்கள். சரியான விடை 1. இரண்டு புள்ளியோடு நிறுத்தினால் 1.710, மூன்றில் 0.493, நான்கில் 1.572, ஐந்தில் 0.675. ஒவ்வொரு புதுப் புள்ளியும் விடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எறிகிறது. கெழுக்கள் சிறிதாகிக்கொண்டே போவது உண்மைதான், ஆனால் (10−2)(10−3)(10−5)(10−4) என்ற பெருக்கம் 1680. சிறுத்ததை அது ஊதிப் பெரிதாக்கிவிடுகிறது. சேர்க்கும் உறுப்பு சுருங்காமல் நின்றால் அந்த விடையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மதிப்பைத் தவறாக எழுதிவிட்டால் அட்டவணை காட்டிக்கொடுக்குமா?

பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், நிரலை மேலிருந்து கீழாகப் பார்க்கும் பழக்கம் இருந்தால். மடக்கையை எடுத்துக்கொண்டால் முதல் வேறுபாடுகள் எல்லாம் நேர்மம், இரண்டாம் வேறுபாடுகள் எதிர்மம், மூன்றாவது நேர்மம், நான்காவது எதிர்மம். இது தற்செயல் அல்ல. மடக்கையின் வகைக்கெழுக்கள் அப்படித்தான் குறி மாறி மாறி வரும், வகுத்த வேறுபாடுகள் அவற்றின் குறியையே கொண்டிருக்கும்.

0.60206 ஐ எழுதும்போது இலக்கம் இடம் மாறி 0.62006 ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போது கடைசி நிரை 0.07891, −0.032015, −0.005147 என்று வரும். மூன்றாம் வேறுபாடு எதிர்மம். இங்கே ஏதோ தவறு என்று உடனே தெரிகிறது. நான் ஒருமுறை வகுஎண்ணைத் தவறாகப் போட்டு, (4 − 3) க்குப் பதில் (4 − 5) ஆல் வகுத்திருந்தேன். இரண்டாம் வேறுபாட்டு நிரலில் ஒன்று −0.0217, அடுத்தது +0.0140 என்று நின்றது. அந்தக் குறிதான் என்னைக் காப்பாற்றியது.

திருத்துவதற்கும் முழு அட்டவணையை அழிக்க வேண்டாம். 4இல் உள்ள மதிப்பில் e அளவு தவறு இருந்தால், மூன்றாம் வேறுபாட்டில் வரும் தவறு e ஐ (4−2)(4−3)(4−5) ஆல் வகுத்தது. இங்கே e = 0.018, அந்தப் பெருக்கம் −2, ஆகத் தவறு −0.009. −0.005147 இலிருந்து அதைக் கழித்தால் 0.003853, நாம் முன்பு பார்த்த அதே எண். தவறான புள்ளிக்கு மேலே உள்ள நிரைகளில் மாற்றமே இல்லை.

கணக்கு முடிந்தபின் இன்னொரு சோதனை உண்டு. புதுக் கோவையில் x = 4 போட்டுப் பாருங்கள், 0.60206 வர வேண்டும். பழைய புள்ளிகளில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. c3 எவ்வளவு தவறாக இருந்தாலும் அங்கே சரியான விடைதான் வரும்.

கணினி நிரலாக எழுதினால் முழு அட்டவணையையும் சேமித்து வைக்க வேண்டுமா?

கடைசி நிரையும் கெழுக்களும் போதும். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
def add_point(xs, row, coef, x, y):
    new = [y]
    for k in range(len(xs)):
        new.append((new[k] - row[k]) / (x - xs[-1 - k]))
    xs.append(x)
    row[:] = new
    coef.append(new[-1])

def value(xs, coef, t):
    s = coef[-1]
    for k in range(len(coef) - 2, -1, -1):
        s = s * (t - xs[k]) + coef[k]
    return s
```

மூன்று வெறும் பட்டியலோடு தொடங்கி ஒவ்வொரு புள்ளியாக `add_point` ஐ அழைத்தால் போதும், முதல் புள்ளிக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. `value` கடைசிக் கெழுவிலிருந்து உள்ளிருந்து வெளியே பெருக்கிக்கொண்டு வருகிறது. அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் பெருக்கத் தொடரை முதலிலிருந்து போட வேண்டியதில்லை.

நிரையைக்கூடச் சேமிக்காமல் ஒரு வழி இருக்கிறது. பழைய கோவையில் 4ஐப் போட்டால் 0.609767 வருகிறது. வர வேண்டியது 0.60206. குறை −0.007707. இதை (4−2)(4−3)(4−5) = −2 ஆல் வகுத்தால் 0.003853. அதே c3. ஆனாலும் நான் நிரையை வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். நிரல்களின் போக்கைப் பார்க்காவிட்டால் மேலே சொன்ன தவறுகள் கண்ணில் படாது.

சேர்த்த புள்ளியை எடுத்துவிட முடியுமா?

கடைசியாகச் சேர்த்ததானால் கடைசிக் கெழுவை நீக்கினால் கோவை பழையபடி ஆகிவிடும். அதன் பிறகு வேறு புள்ளியைச் சேர்க்க வேண்டுமென்றால் முந்தைய நிரையும் தேவை. அதனால் எடுக்க நேரும் என்று தோன்றினால் முழு அட்டவணையையும் வைத்திருங்கள். நடுவில் உள்ள புள்ளியை எடுப்பதானால் அதற்குக் கீழே உள்ள நிரைகளை மறுபடி போட வேண்டும். நம்பிக்கையில்லாத அளவீடுகளைக் கடைசியில் சேர்ப்பது இதனால்தான் நல்லது.

ஒரே x இரண்டு முறை வந்தால்?

பூச்சியத்தால் வகுக்க நேரும், கணினி நிரல் அங்கேயே நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு அளவீடு இருந்தால் சராசரி எடுத்து ஒன்றாக்குங்கள். மிக நெருங்கிய இரண்டு x இன்னும் ஆபத்தானவை, ஏனென்றால் நிரல் நிற்காமல் தவறான எண்ணைத் தரும். அந்த இடத்தில் சாய்வு தெரியும் என்பதற்காக x ஐ இருமுறை எழுதுவதானால், இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, முதல் வேறுபாட்டின் இடத்தில் சாய்வை நேராகப் போட வேண்டும்.

சேர்ப்பது இவ்வளவு எளிது என்றால், இருக்கிற புள்ளியையெல்லாம் சேர்த்துவிடலாமே?

இரண்டு காரணத்துக்காக நிறுத்த வேண்டியிருக்கும்.

முதலாவது, மதிப்புகளில் உள்ள சிறு பிழை. 3.0, 3.1 என்று தொடங்கி 3.4 வரை ஐந்து இலக்க மடக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் முழுமையாக்கிய பிழை 0.000005 வரை இருக்கலாம். வகுஎண்கள் 0.1, 0.2 என்று சிறியவையாக இருப்பதால், நான்காம் வேறுபாட்டுக்கு வரும்போது அந்தப் பிழை 0.033 வரை வளர முடியும். அங்கே இருக்க வேண்டிய உண்மையான எண் கிட்டத்தட்ட −0.001. ஆக அந்த நிரலில் தெரிவது மடக்கை அல்ல, முழுமையாக்கிய பிழை. அடையாளம் காண்பது எளிது: சீராக இறங்கிவந்த நிரல்கள் திடீரென்று குறி மாறி மாறிக் குதிக்கத் தொடங்கும். அதற்கு முந்தைய நிரலோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது, மதிப்புகள் துல்லியமாக இருந்தாலும் நடக்கக்கூடியது. −1 முதல் 1 வரை சம இடைவெளியில் 11 புள்ளி எடுத்து 1/(1 + 25x²) என்ற சார்பை இடைச்செருகினால், ஓரங்களுக்கு அருகே பிழை ஏறத்தாழ 1.9 வரை போகிறது. அந்தச் சார்பு எங்கேயும் 1ஐத் தாண்டுவதில்லை! புள்ளியைக் கூட்டக் கூட்ட ஓரத்தில் ஆட்டம் அதிகமாகிறது. 1901இல் ஜெர்மானியக் கணிதவியலர் ரூங்கே காட்டியது இது. புள்ளிகளை நீங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் எடுங்கள். வாய்ப்பில்லையென்றால் தேடும் இடத்தைச் சுற்றி நான்கைந்து புள்ளியோடு நிறுத்துங்கள்.

நிறுத்துமிடத்தைத் தெரிந்துகொள்ள உறுப்புகளின் அளவையே பார்க்கலாம். 3.5க்கு நமக்குக் கிடைத்தவை: 0.264, −0.0163, −0.0043, −0.0003. இறங்கிக்கொண்டே வருகின்றன, சேர்ப்பதில் இன்னும் பயன் இருக்கிறது. ஒரு உறுப்பு முந்தையதைவிடப் பெரிதாக வந்தால் அதையும் அதற்குப் பின்னால் வருபவற்றையும் விட்டுவிடுவேன்.

லக்ராஞ்சே சூத்திரத்தில் புதுப் புள்ளியைச் சேர்க்க முடியாதா?

பாடத்தில் வரும் உருவில் ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் எல்லாப் புள்ளியும் இருக்கும், அதனால் புதிது வந்தால் அத்தனை உறுப்பும் மாறும். எடைகளைத் தனியே பிரித்து எழுதும் ஈர்ப்புமைய உருவில் இந்தக் குறை இல்லை. அங்கேயும் ஒவ்வொரு பழைய எடையையும் ஒருமுறை வகுத்தால் போதும், செலவு ஏறத்தாழ இதே அளவு. ஒரே x களுக்குப் பல விதமான மதிப்புகளை இடைச்செருக வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் எடைகள் மதிப்பைச் சார்ந்தவை அல்ல. புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்போது, எங்கே நிறுத்தலாம் என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதற்கு வகுத்த வேறுபாட்டு அட்டவணைதான் வசதி.